மங்கனீஸுக்குத் துணை இரும்பு

பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஹப்புத்தளை 1,430 மீட்டர் அளவில். ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை வழியாக இரண்டுக்கும் இடையே சுமார் நாற்பது கிலோமீட்டர் பாதை. ஓட்டுநரோடு மூன்று பேர் ஏறிய ஒரு ஓட்டோ ஏறக்குறைய 600 கிலோ இருக்கும். அந்த எடையை 750 மீட்டர் உயர்த்த மட்டும் 1.2 கிலோவாட் மணி சக்தி வேண்டும். மின்சாரப் பட்டியலில் ஒரு யூனிட் என்று வருவதும் ஒரு கிலோவாட் மணிதான் என்பதால், 1.2 யூனிட் என்றே வைத்துக்கொள்வோம். டயர் உராய்வுக்கும் காற்றுத் தடைக்கும் இன்னொரு 1.2 யூனிட் போகும். மோட்டாரிலும் கட்டுப்படுத்தியிலும் ஐந்தில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகும். எல்லாம் சேர்த்தால் பற்றரியிலிருந்து 3 யூனிட் எடுத்தால்தான் ஹப்புத்தளை போய்ச் சேரலாம். திரும்பி வரும்போது மலையே வண்டியைத் தள்ளிவிடுவதால் ஒரு யூனிட்கூடச் செலவாகாது.

2022 நெருக்கடியில் கியூ.ஆர். அட்டை வந்தபோது ஓட்டோ ஒன்றுக்கு வாரத்துக்கு ஐந்து லீட்டர் பெட்ரோல்தான் கிடைத்தது. மலைப்பாதையில் ஓடுகிறவர்களுக்கு அந்த ஐந்து லீட்டர் எத்தனை நாள் வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு மின்சார வண்டி பற்றிய பேச்சு மலையகத்திலும் கேட்கிறது. பேச்சு எங்கே தொடங்கினாலும், எந்தப் பற்றரி என்ற கேள்வியில் வந்து நிற்கிறது.

இதுவரை அந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் இருந்தன. ஒன்று இரும்பு பொஸ்பேட். மலிவு, நீண்ட ஆயுள், எளிதில் தீப்பிடிக்காத குணம் ஆகியவை அதன் பலம். ஒரு கிலோவில் அடங்கும் சக்தி குறைவு என்பது பலவீனம். மற்றது நிக்கல் மிகுந்த ஒட்சைட்டு. அதில் சக்தி அதிகம், விலையும் ஆபத்தும் அதிகம். 2022 மார்ச்சில் லண்டன் உலோகச் சந்தையில் நிக்கலின் விலை ஒரே நாளில் டன்னுக்கு ஒரு லட்சம் டொலரைத் தாண்டியது. வர்த்தகத்தையே நிறுத்தவேண்டி வந்தது. நிக்கலோடு சேர்க்கும் கோபால்ட்டில் பெரும்பங்கு கொங்கோவிலிருந்து வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழியாக இப்போது ஆய்வுக்கூடங்களும் தொழிற்சாலைகளும் பார்ப்பது லிதியம் மங்கனீஸ் இரும்பு பொஸ்பேட். சுருக்கமாக எல்.எம்.எஃப்.பி. இரும்பு பொஸ்பேட்டில் உள்ள இரும்பில் பாதிக்கு மேற்பட்ட பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மங்கனீஸை உட்காரவைத்தால் கிடைப்பது இது.

மங்கனீஸ் வந்தால் என்ன மாறும்? பற்றரி சார்ஜ் ஆகும்போது நேர்முனையிலிருந்து ஒரு லிதியம் அயன் வெளியே போகிறது. கூடவே அங்குள்ள உலோகம் ஓர் இலத்திரனை விட்டுக்கொடுக்கவேண்டும். அது எவ்வளவு தயங்கி விட்டுக்கொடுக்கிறதோ அவ்வளவு உயர்ந்த வோல்டேஜ் கிடைக்கும். இந்த வகை உலோகங்களின் வெளிப்புற இலத்திரன்களுக்கு ஐந்து இடங்கள் உண்டு. ஐந்து காம்பராக்கள் கொண்ட ஒரு லயமாக அதை எண்ணிக்கொள்ளுங்கள். இரும்புக்கு ஆறு இலத்திரன்கள். ஐந்து பேர் ஆளுக்கொரு காம்பராவில் இருக்க, ஆறாவது ஆள் ஒருவரோடு நெருக்கியடித்துக் குடியிருக்கிறார். அவரைக் கிளப்புவது சுலபம். மங்கனீஸுக்கு ஐந்தே ஐந்து பேர். ஆளுக்கொரு காம்பரா, யாருக்கும் நெருக்கடி இல்லை. அவர்களில் ஒருவரை வெளியேற்ற அதிக விசை வேண்டும். இதனால்தான் இரும்பு பொஸ்பேட் லிதியத்துக்கு எதிரே சுமார் 3.45 வோல்ட் தர, மங்கனீஸ் பொஸ்பேட் 4.1 வோல்ட் தருகிறது.

இரண்டும் ஒரு கிராமில் சேமிக்கும் மின்னூட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: 170 மில்லிஅம்பியர் மணி. வோல்டேஜ் உயர்ந்தால் சக்தியும் அதே அளவில் உயரும். கோட்பாட்டளவில் ஒரு கிலோ இரும்பு பொஸ்பேட்டில் 585 வாட் மணி அடங்கும். மங்கனீஸ் பொஸ்பேட்டில் 700. நிக்கல் மிகுந்த பொருள் 750ஐத் தாண்டும். பத்தில் ஆறு பங்கு மங்கனீஸ், நான்கு பங்கு இரும்பு என்று கலந்தால் 650 வரும். இரும்பு மட்டும் உள்ளதைவிட இது ஏறத்தாழ 11 விழுக்காடு அதிகம். லிதியம், பொஸ்பேட், உற்பத்தி முறை ஆகியவற்றில் பெரிய மாற்றம் தேவையில்லை. மங்கனீஸும் மலிவான உலோகந்தான். ஆர்வத்துக்கு முதற்காரணம் இந்தக் கணக்கு.

பொஸ்பேட் என்ற பகுதியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் அதில் ஒரு தமிழரின் பங்கு இருக்கிறது. தென் தமிழ்நாட்டின் சிற்றூர் ஒன்றில் பிறந்து மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் வேதியியல் படித்த ஆறுமுகம் மந்திரம், 1980களில் பற்றரி ஆய்வாளர் ஜோன் குடினஃபோடு சேர்ந்து ஒரு கேள்வியை ஆராய்ந்தார். இரும்பு ஒட்சைட்டின் வோல்டேஜ் குறைவு. அதை எப்படி உயர்த்துவது? இரும்பைச் சுற்றியுள்ள ஒட்சிசனின் மறுபக்கத்தில் ஒட்சிசனைப் பலமாகப் பற்றிக்கொள்ளும் ஓர் அணுவை வைத்துப் பார்த்தார்கள். மொலிப்டினமோ டங்ஸ்டனோ இருந்தபோது 3.0 வோல்ட் வந்தது. கந்தகம் இருந்தபோது 3.6 வோல்ட். அந்த அணு ஒட்சிசனைத் தன் பக்கம் இழுக்க இழுக்க, இரும்பு தன் இலத்திரனை விட அதிகமாகத் தயங்கியது. 1997இல் குடினஃபின் குழுவைச் சேர்ந்த பாதியும் நஞ்சுண்டசுவாமியும் கந்தகத்தின் இடத்தில் பொஸ்பரஸ் உள்ள இரும்பு பொஸ்பேட்டைக் கொண்டுவந்தபோது, இந்த விளக்கம் அவர்களுக்குப் பாதை போட்டிருந்தது. 2019இல் குடினஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, ஸ்டொக்ஹோமில் அவர் சார்பில் விரிவுரை ஆற்றியவர் மந்திரம்.

பொஸ்பரஸும் ஒட்சிசனும் பிடித்திருக்கும் அந்தப் பலமான பிடியால் இன்னொரு நன்மையும் கிடைக்கிறது. நிக்கல் மிகுந்த பொருள் முழு சார்ஜில் இருக்கும்போது 200 பாகை செல்சியஸ் அளவில் சூடேறினால், தன் ஒட்சிசனையே வெளியே விட்டுவிடும். பற்றரிக்குள் இருக்கும் திரவம் எரியக்கூடியது. எரிபொருளும் ஒட்சிசனும் வெப்பமும் ஒரே பெட்டிக்குள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது தெரிந்ததே. பொஸ்பேட்டில் ஒட்சிசன் அவ்வளவு சீக்கிரம் கழன்று வராது. மங்கனீஸ் கலந்தாலும் அந்த எலும்புக்கூடு மாறுவதில்லை. வோல்டேஜ் கூடுவதால் இரும்பு பொஸ்பேட்டைவிடச் சற்று அதிகக் கவனம் வேண்டும். ஆனால் நிக்கலின் ஆபத்துக்குக் கிட்டே போவதில்லை.

அப்படியானால் இரும்பை முற்றாக விட்டுவிட்டு மங்கனீஸ் பொஸ்பேட்டையே ஏன் செய்யக்கூடாது? 1997 கட்டுரையிலேயே இதற்கு விடை இருக்கிறது. அவர்கள் தனி மங்கனீஸ் பொஸ்பேட்டையும் செய்து பார்த்தார்கள். அதிலிருந்து லிதியத்தை வெளியே எடுக்க முடியவில்லை. இரும்பும் மங்கனீஸும் கலந்த பொருளில் மட்டும் 4.1 வோல்ட் படி தென்பட்டது. பக்கத்தில் இரும்பு இருந்தால்தான் மங்கனீஸ் வேலை செய்தது.

காரணம் இரண்டு. முதலாவது, மின்கடத்தல். இரும்பு பொஸ்பேட்டே மிக மோசமான மின்கடத்தி. அதன் துகள்களுக்குக் காபன் பூச்சுப் பூசிய பிறகுதான் அது சந்தைக்கு வந்தது. மங்கனீஸ் பொஸ்பேட் அதைவிடப் பல மடங்கு மோசம். இரண்டாவது, உருவம். ஓர் இலத்திரனை இழந்த மங்கனீஸில் ஐந்து இடத்துக்கு நான்கு இலத்திரன்கள்தான் மிஞ்சும். அந்தச் சமமின்மையால் அதைச் சுற்றியுள்ள ஒட்சிசன் கூடு ஒரு பக்கமாக இழுபடும். யான்–டெல்லர் விளைவு என்று இதைச் சொல்வார்கள். சார்ஜ் ஆகும்போது இரும்பு பொஸ்பேட்டின் பருமன் சுமார் 7 விழுக்காடு சுருங்கும்; மங்கனீஸ் பொஸ்பேட்டில் இது 10 விழுக்காடு அளவுக்குப் போகும். ஒரே துகளுக்குள் சுருங்கிய பகுதியும் சுருங்காத பகுதியும் ஒட்டிக்கொண்டு நிற்கவேண்டியிருப்பதால் உள்ளே திரிபு உண்டாகிறது, லிதியத்தின் நடமாட்டமும் தடைபடுகிறது. இடையிடையே இரும்பு இருந்தால் இலத்திரன் கடக்க வழி கிடைக்கும், இழுபடுதலும் மட்டுப்படும். இதனால்தான் தயாரிப்பாளர்கள் மங்கனீஸை 60 முதல் 70 விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அந்த அளவிலும் துகள்களை மிகச் சிறிதாக அரைத்து, காபன் பூசியாகவேண்டும். துகள் சிறிதானால் லிதியம் உள்ளே போகவும் வெளியே வரவும் வேண்டிய தூரம் குறையும். ஆனால் நுண்ணிய தூளை இறுக்கி அடைப்பது கடினம். ஒரே பெட்டிக்குள் குறைவான பொருளே அடங்கும். காபனும் எடையைக் கூட்டுமேயன்றிச் சக்தியைச் சேமிக்காது. கோட்பாட்டில் கிடைத்த 11 விழுக்காட்டில் ஒரு பகுதி இப்படியே கரைந்துபோகிறது.

நுண்ணிய தூளுக்கு இன்னொரு பிரச்சினையும் உண்டு. பரப்பளவு கூடுவதால் பற்றரித் திரவம் அதிக இடத்தில் தொடுகிறது. திரவத்தில் இருக்கும் சிறிதளவு ஈரம் அதன் உப்போடு சேர்ந்து அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் மங்கனீஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். கரைந்த மங்கனீஸ் எதிர்முனைக்கு நீந்திப்போய், அங்குள்ள காரீயத்தின் மேல் படிந்திருக்கும் பாதுகாப்புப் படலத்தைக் கெடுக்கும். கெட்ட படலம் மீண்டும் உருவாகும்போது லிதியத்தைத் தின்றுவிடும். அப்படி இழந்த லிதியம் திரும்பி வராது. சூடு கூடினால் இவை எல்லாமே வேகமாக நடக்கும்.

இலங்கையில் இந்தக் கதை முற்றிலும் புதிதல்ல. 2015 அளவில் வரி குறைந்திருந்தபோது நிசான் லீஃப் கார்கள் ஆயிரக்கணக்கில் இங்கே வந்து இறங்கின. முதல் தலைமுறை லீஃபின் நேர்முனையில் பெரும்பங்கு மங்கனீஸ் ஒட்சைட்டு. அந்தப் பற்றரிக்குத் தனிக் குளிரூட்டலும் இல்லை. 2012இலேயே அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகர வெயிலில் அவை சீக்கிரம் வலுவிழப்பதாக உரிமையாளர்கள் முறையிட்டிருந்தார்கள். லீஃபின் மங்கனீஸ் ஒட்சைட்டு வேறு வகைப் படிகம். பொஸ்பேட் மங்கனீஸை இன்னும் இறுக்கமாகப் பிடித்துவைக்கும். ஆனாலும் கரையும் குணம் முற்றாகப் போய்விடவில்லை. சீனாவின் கோஷன் நிறுவனம் 2023இல் அறிவித்த மங்கனீஸ்–இரும்பு மின்கலம் கிலோவுக்கு 240 வாட் மணி தரும் என்றது. அறை வெப்பநிலையில் 4,000 முறை, உயர் வெப்பநிலையில் 1,800 முறை சார்ஜ் போடலாம் என்பதும் அதே அறிவிப்பில் இருந்தது. நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கணக்கிலேயே சூடு ஆயுளைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடுகிறது. பண்டாரவளையின் குளிர்ச்சியில் இது பெரிய கவலையில்லை. அதே வண்டி தினமும் வெல்லவாயவுக்கு இறங்கி, வெயிலில் நின்று, அங்கேயே விரைவாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு திரும்பினால் ஆயுள் கணக்கு மாறும்.

இப்போது நம் ஓட்டோவுக்குத் திரும்புவோம். இரும்பு பொஸ்பேட் அடைத்த 6 யூனிட் பற்றரி ஒன்றை அதில் பொருத்தியதாக வைத்துக்கொள்வோம். பெட்டியோடு சேர்த்து அது 45 கிலோ அளவு இருக்கும். அதே 6 யூனிட்டை மங்கனீஸ் கலந்ததில் செய்தால் நான்கைந்து கிலோ குறையும். மலையேறும் வண்டிக்கு எடை குறைவது பெரிய லாபம் என்று தோன்றும். ஆனால் ஐந்து கிலோவை ஹப்புத்தளை வரை தூக்கிச் செல்ல ஆகும் சக்தி ஒரு யூனிட்டின் நூற்றில் ஒரு பங்குதான். கைப்பையில் கொஞ்சம் மரக்கறி குறைந்தாலும் அதே லாபந்தான்.

உண்மையான லாபம் பெட்டியை மாற்றாமல் நிரப்பும்போது வருகிறது. ஓட்டோவின் இருக்கைக்கு அடியில் உள்ள இடம் அளவானது. அதே இடத்தில் 6க்குப் பதிலாக 6.6 யூனிட் அடங்கினால், கூடுதலாக 0.6 யூனிட். ஏற்றத்தில் அது எட்டுக் கிலோமீட்டர் தரும். ஹப்புத்தளை நகரத்தோடு நின்றுவிடாமல் தம்பேதென்னப் பக்கத் தோட்டங்களுக்குள் போகிற ஒருவருக்கு அந்த எட்டுக் கிலோமீட்டர் பெரிய விஷயம்.

ஆனால் ஏற்றத்தில் ஒரு சிக்கலும் காத்திருக்கிறது. மங்கனீஸும் இரும்பும் ஒன்றாக வேலை செய்வதில்லை. முழு சார்ஜிலிருந்து முதலில் மங்கனீஸ் பங்கு தீரும், பிறகுதான் இரும்பின் முறை. ஒரு மின்கலத்தின் வோல்டேஜ் 4.0 அளவில் நெடுநேரம் நின்றுவிட்டு, பத்தில் நான்கு பங்கு சார்ஜ் மிஞ்சியிருக்கும்போது 3.4க்கு இறங்கும். செங்குத்தான ஓர் இடத்தில் ஓட்டோவுக்கு 4.6 கிலோவாட் வேண்டும் என்றால், 16 மின்கலங்கள் கோத்த பற்றரி மேல் படியில் 72 அம்பியர் கொடுத்தால் போதும். கீழ்ப் படியில் அதே வேலைக்கு 85 அம்பியர் வேண்டும். கம்பிகளிலும் மின்கலங்களிலும் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயருவதால், அது நாற்பது விழுக்காடு கூடும். கட்டுப்படுத்தி மின்னோட்டத்துக்கு வரம்பு போட்டிருந்தால் ஏற்றத்தின் நடுவில் வண்டியின் இழுவை குறைந்ததாகத் தோன்றும். ஓட்டுநர் பழுது என்று நினைப்பார். உண்மையில் பற்றரி ஒரு படி இறங்கியிருக்கிறது. இந்தப் பள்ளத்தை நிரப்பச் சில நிறுவனங்கள் மங்கனீஸ்–இரும்பு பொஸ்பேட்டோடு கொஞ்சம் நிக்கல் பொருளையும் கலக்கின்றன. நிக்கல் பொருளின் வோல்டேஜ் இரண்டு படிகளுக்கும் இடையே சரிவாக இறங்குவதால் மாற்றம் மென்மையாகும்.

அதே படியால் ஒரு நன்மையும் உண்டு. இரும்பு பொஸ்பேட்டின் வோல்டேஜ் நடுப்பகுதி முழுவதும் கிட்டத்தட்ட மாறாமல் நிற்கும். அதை வைத்து மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. உள்ளே போன, வெளியே வந்த மின்னோட்டத்தை எண்ணிக்கொண்டே இருக்கவேண்டும். எண்ணிக்கை பிசகும்போது முழுக்கச் சார்ஜ் ஏற்றித்தான் திருத்தமுடியும். ஹப்புத்தளையில் வசிப்பவருக்கு இது தர்மசங்கடம். காலையில் நூறு விழுக்காட்டோடு பதுளைக்கு இறங்கினால், இறக்கத்தில் மோட்டார் திருப்பித் தரும் மின்சாரத்தை வாங்கப் பற்றரியில் இடம் இருக்காது; வேகத்தை அடக்கும் பாரம் முழுதும் பிரேக் மேல் விழும். மங்கனீஸ் கலந்த பற்றரியில் 4.0இலிருந்து 3.4க்கு இறங்கும் இடம் தெளிவான குறி. ஒவ்வொரு முறை அதைக் கடக்கும்போதும் கருவி தன் எண்ணிக்கையைச் சரிபார்த்துக்கொள்ளலாம். அடிக்கடி முழு சார்ஜ் ஏற்றவேண்டியதில்லை.

வாங்குகிறவரும் திருத்துகிறவரும் அறியவேண்டிய ஒன்று சார்ஜர் பற்றியது. இரும்பு பொஸ்பேட் மின்கலத்தின் சார்ஜ் 3.65 வோல்ட்டில் முடியும். 16 மின்கலங்களுக்கு 58.4 வோல்ட். மங்கனீஸ் கலந்த மின்கலத்துக்கு 4.2 அளவில் தேவை. 16 மின்கலங்கள் கொண்ட புதுப் பற்றரியில் பழைய சார்ஜரை மாட்டினால் எதுவும் எரியாது, வெடிக்காது. இரும்பின் பங்கு மட்டும் நிரம்பி, பச்சை விளக்கு எரியும். மங்கனீஸ் படி தொடங்கவே இல்லை. கொள்ளளவில் பாதிக்கும் குறைவாகத்தான் ஏறியிருக்கும்; வண்டி பதுளையிலிருந்து ஹப்புத்தளையை எட்டுவதற்குள்ளேயே திணறும். புதுப் பற்றரி மோசம் என்ற பெயர் வருவதற்கு இது போதும். எதிர்மாறாகச் செய்தால், அதாவது இரும்பு பொஸ்பேட் பற்றரியில் மங்கனீஸ் கலந்ததன் சார்ஜரை மாட்டினால், மின்கலம் தாங்கக்கூடிய வோல்டேஜைத் தாண்டிப்போகும். அது ஆபத்து. பெட்டியின் மேல் எழுதியிருக்கும் இரசாயனப் பெயரைப் பார்ப்பதோடு, ஒரு மின்கலத்துக்கு எத்தனை வோல்ட்டில் சார்ஜ் முடியவேண்டும் என்று கேட்பதே பாதுகாப்பு.

மங்கனீஸ்–இரும்பு பொஸ்பேட் இரும்பை ஒழிக்க வந்ததல்ல. இரும்பு இல்லாமல் அதனால் இயங்கவே முடியாது. நிக்கலையும் அது எல்லா இடத்திலும் வீழ்த்திவிடாது: கொழும்பிலிருந்து ஒரே மூச்சில் பதுளை வந்து சேரவேண்டிய பெரிய காருக்கு நிக்கலின் அடர்த்தி இன்னும் பயன்படும். தினமும் ஒரே இடத்தில் நிற்கும் சூரியமின் சேமிப்புக்கு இடநெருக்கடி இல்லை. அங்கே மலிவான இரும்பு பொஸ்பேட்டே போதும். பெட்டியின் அளவை மாற்றமுடியாது, இன்னும் எட்டுப் பத்துக் கிலோமீட்டர் வேண்டும், நிக்கலுக்குக் கொடுக்கப் பணமில்லை, தீக்கும் துணிய முடியாது என்ற நிலையில் உள்ள வண்டிக்குத்தான் இந்த நடுவழி பொருந்தும். அதிலும் கூடுதலாகக் கிடைக்கும் பத்து விழுக்காட்டு சக்தி, நுண்ணிய அரைப்புக்கும் காபன் பூச்சுக்கும் ஆகும் மேலதிகச் செலவைவிடப் பெறுமதியாக இருக்கவேண்டும். விற்பவரிடம் யூனிட் ஒன்றின் விலையையும், 45 பாகைச் சூட்டில் எத்தனை முறை சார்ஜ் போடலாம் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கினால், அந்த இரண்டு எண்களும் பதிலைச் சொல்லிவிடும்.